பச்சிளங்குழந்தை சிஎஸ்எஃப் கேள்வி: பீட்டா ஹீமாலிசிஸ், கேம்ப் பாசிட்டிவ் என்றால் ஜிபிஎஸ் தானா?

நிவேதா_இரண்டாமாண்டு

எல்லோருக்கும் வணக்கம். எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் நடந்த உள்தேர்வில் மைக்ரோபயாலஜி தாளில் ஒரு 5 மதிப்பெண் கேள்வியில் எனக்கு 1 தான் கிடைத்தது. கேள்வியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பிறந்து 9 நாள் ஆன குழந்தை. காய்ச்சல், பால் குடிக்கவில்லை, உச்சிக்குழி புடைத்திருக்கிறது. சிஎஸ்எஃப் கலங்கலாக இருக்கிறது. கிராம் சாயத்தில் ஊதா நிறத்தில் குட்டையான கிருமிகள், சில இரண்டிரண்டாக. ஆட்டு ரத்த அகாரில் சிறிய காலனிகள், குறுகிய பீட்டா ஹீமாலிசிஸ். காலனியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டபோது குமிழிகள் வந்தன. கேம்ப் பரிசோதனை பாசிட்டிவ். அறை வெப்பநிலையில் வைத்த குழம்பில் புரண்டு புரண்டு நகர்ந்தது. கிருமி எது, காரணம் என்ன, உறுதிசெய்ய இரண்டு பரிசோதனைகள் எவை?

நான் ஜிபிஎஸ், அதாவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று எழுதினேன். விடைத்தாளில் லிஸ்டீரியா என்று சிவப்பில் திருத்தியிருந்தது.

எனக்கு வருத்தம் மதிப்பெண் குறைந்ததில் இல்லை. கடந்த ஆறு ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பார்த்து 38 வரிசை, 11 பத்தி கொண்ட ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். அதை மனப்பாடமாகச் சொல்வேன். ஜிபிஎஸ் வரிசையில் "பச்சிளங்குழந்தை, கிராம் பாசிட்டிவ், பீட்டா, கேம்ப் பாசிட்டிவ்" என்று நான்கும் இருக்கின்றன, கேள்வியிலும் நான்கும் இருந்தன. அட்டவணை சரியாக இருந்தும் விடை தப்பாகப் போனது எப்படி?

---

கார்த்திக்_இறுதியாண்டு

நிவேதா, தாளைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். குழந்தை, பீட்டா, கேம்ப் மூன்றும் சேர்ந்தால் ஜிபிஎஸ்தான். எங்கள் ஆண்டில் இதே மாதிரி கேட்டார்கள், எல்லோரும் ஜிபிஎஸ் எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம்.

காட்டலேஸ் குமிழி வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்த அகாரிலிருந்து காலனியை எடுத்தால் சிவப்பணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும், சிவப்பணுவிலேயே காட்டலேஸ் இருக்கிறது. அதனால் பொய்யான பாசிட்டிவ் வருவது சகஜம். கேம்ப் அப்படிக் கிடையாது, அது ஜிபிஎஸ்ஸுக்கென்றே இருக்கும் பரிசோதனை.

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

கார்த்திக் சொன்னதில் சிவப்பணு பற்றியது சரி. மற்றதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பத்து வருடங்களாக மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன், இதே பிழையை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன்.

முதலில் கேம்ப். 1944-ல் கிறிஸ்டி, அட்கின்ஸ், மன்ச்-பீட்டர்சன் என்ற மூவர் விவரித்த பரிசோதனை, அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் கேம்ப். தட்டின் நடுவே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒரு கோடாக இழுத்து, அதற்குச் செங்குத்தாக, தொடாமல், நம் கிருமியை இழுப்போம். ஸ்டஃபைலோகாக்கஸ் விடும் பீட்டா லைசின் ஆட்டுச் சிவப்பணுவை ஏற்கெனவே பாதி பலவீனமாக்கி வைத்திருக்கும். ஜிபிஎஸ் விடும் புரதம் மீதியை முடித்துவிடும். அதனால் இரண்டு கோடுகளும் நெருங்கும் இடத்தில் அம்பு முனை போலத் தெளிந்த பகுதி தெரியும்.

இதை ஜிபிஎஸ் மட்டும் செய்வதில்லை. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் ஸ்டஃபைலோகாக்கஸ் கோட்டருகே ஹீமாலிசிஸைக் கூட்டிக் காட்டும். வடிவம்தான் வேறு. அம்பு முனைபோல் விரியாமல், கட்டையாக, செவ்வகம்போல் நிற்கும். கேள்வியில் "கேம்ப் பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதி வடிவத்தைச் சொல்லாமல் விட்டது, அந்த வரியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அடுத்து வயது. ஜிபிஎஸ்ஸின் தாமதத் தொற்று 7-ஆம் நாளுக்குப் பிறகு மூளை உறை அழற்சியாக வரும். லிஸ்டீரியாவும் அப்படியேதான். 9 நாள் என்ற தகவல் இரண்டுக்கும் பொருந்துகிறது, ஆகவே அது பிரிப்பதற்குப் பயன்படாது. குறுகிய பீட்டாவும் அப்படித்தான். இரண்டிலுமே ஹீமாலிசிஸ் காலனியின் ஓரத்தைத் தாண்டி அதிகம் போகாது. லிஸ்டீரியாவில் சில சமயம் காலனியை லூப்பால் நகர்த்தினால்தான் அடியில் தெளிவு தெரியும்.

இப்போது உங்கள் நான்கு கட்டங்களைப் பாருங்கள், நிவேதா. குழந்தை, கிராம் பாசிட்டிவ், பீட்டா, கேம்ப். நான்கும் லிஸ்டீரியாவுக்கும் உண்டு. கேள்வியில் நீங்கள் தாண்டிப்போன இரண்டு வரிகள்தான் இரண்டையும் பிரிப்பவை. குமிழிகள் வந்தன என்பது ஒன்று, அறை வெப்பநிலையில் புரண்டு நகர்ந்தது என்பது மற்றொன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எதுவாக இருந்தாலும் காட்டலேஸ் நெகட்டிவ், ஜிபிஎஸ் அசையாது.

ஒரு கேள்வி உங்களுக்கு. உங்கள் அட்டவணையில் ஜிபிஎஸ் வரிசையில் காட்டலேஸ் பத்தியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

---

நிவேதா_இரண்டாமாண்டு

மேடம், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். காலியாக இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாமே நெகட்டிவ் என்பதால் தலைப்பில் ஒரே தடவை எழுதிவிட்டு கீழே எல்லாக் கட்டங்களையும் விட்டுவிட்டேன். லிஸ்டீரியா வேறு பக்கத்தில், கொரினிபாக்டீரியம், பேசில்லஸ் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதன் வரிசையில் கேம்ப் என்ற பத்தியே இல்லை.

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

பிழை இதுதான். அட்டவணையில் எழுதியிருப்பது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பாடநூலின் அத்தியாய வரிசையில் போட்டுவிட்டீர்கள். கோகை ஒரு பக்கம், பேசில்லை இன்னொரு பக்கம். கேள்வியோ அத்தியாயத்திலிருந்து வருவதில்லை, ஒரு மாதிரியிலிருந்து வருகிறது. சிஎஸ்எஃப், சளி, சீழ், மலம். ஒரே மாதிரியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கிருமிகள் உங்கள் அட்டவணையில் எங்குமே அருகருகே நிற்கவில்லை.

பழைய வினாத்தாள்களை வைத்துப் போடுவதென்றால் கேள்வியின் முதல் வரியை வைத்துப் பிரியுங்கள். "பச்சிளங்குழந்தை, சிஎஸ்எஃப்" என்று தொடங்கும் கேள்விகள் எல்லாம் ஒரு தாளில். அந்தத் தாளில் பத்திகள் கிருமிகள், வரிசைகள் கேள்வி பயன்படுத்தும் சொற்கள். காலிக் கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நெகட்டிவ் என்றால் நெகட்டிவ் என்று எழுதியே ஆக வேண்டும். காலியாக விட்ட கட்டத்தைத் தேர்வறையில் கண் தாண்டிப் போய்விடும்.

அப்புறம் கார்த்திக், காட்டலேஸ் பற்றி. பொய்ப் பாசிட்டிவ் வரும் என்பது உண்மை, அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிவிட முடியாது. சரியாகச் செய்வதுதான் வழி. ஒரு மரக்குச்சியாலோ கண்ணாடிக் குச்சியாலோ காலனியின் உச்சியை மட்டும் தொட்டு, சுத்தமான கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன் மேல் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட வேண்டும். உடனே, விறுவிறுவென்று குமிழி வர வேண்டும். சிவப்பணுவால் வருவது மெதுவாக, பலவீனமாக இருக்கும். நிக்ரோம் கம்பி லூப்பாலும் பொய்க் குமிழி வரலாம். சந்தேகம் இருந்தால் ரத்தம் இல்லாத அகாரில் மறுவளர்ப்பு செய்து பார்க்கலாம். கேள்வித்தாளில் "குமிழிகள் வந்தன" என்று கொடுத்திருந்தால் செய்தவர் சரியாகச் செய்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த தகவலை நாமே பொய்யாக்கக் கூடாது.

---

கார்த்திக்_இறுதியாண்டு

சரி மேடம், கேம்ப் லிஸ்டீரியாவிலும் வரும் என்பது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிராம் சாயத்தில் "குட்டையான கிருமிகள், சில இரண்டிரண்டாக" என்றால் யாருக்கும் கோகை என்றுதான் தோன்றும். பேசில்லை என்று தெளிவாக எழுதாதது கேள்வி போட்டவரின் தவறு இல்லையா?

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

லிஸ்டீரியா மைக்ராஸ்கோப்பில் காட்டும் முகமே அதுதான். சிஎஸ்எஃப் தகட்டில் குட்டைக் குச்சியாக, சில சமயம் கோகை மாதிரி இரண்டிரண்டாக இருக்கும். அதனால் நிமோகாக்கஸ் என்றோ, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றோ, டிஃப்தீராய்டு என்று ஒதுக்கியோ விடுவதுண்டு. டிஃப்தீராய்டு என்று நினைத்துத் தோல் மாசு என்று எழுதிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. லிஸ்டீரியாவுக்கு செஃபலோஸ்போரின்கள் வேலை செய்யாது, ஆம்பிசிலின் வேண்டும். செஃப்ட்ரையாக்சோன் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கிருமி அப்படியே இருக்கும்.

எனவே கேள்வி போட்டவர் "குட்டையான" என்று எழுதியதை நேர்மையான விவரிப்பாகவே நான் பார்க்கிறேன். வடிவம் சந்தேகமாக இருக்கும்போது காட்டலேஸுக்குப் போ என்பதுதான் அந்தக் கேள்வி.

---

டிஎம்எல்டி_ரேவதி

நான் ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியன். இந்தப் பேச்சைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று ஞாபகம் வந்தது. இது குழந்தை இல்லை, ஐம்பது வயதுக்காரர். சிஎஸ்எஃப் வந்தது, கிராம் போட்டேன். இளஞ்சிவப்பாக, இரண்டிரண்டாகக் கோகை. பக்கத்தில் சீழ்ச் செல்கள். எனக்கு நெய்சீரியா என்றே தோன்றியது, அப்படியே பதிவேட்டில் குறித்தேன்.

மறுநாள் ரத்த அகாரில் பச்சையாக ஆல்ஃபா ஹீமாலிசிஸ் வந்திருந்தது. ஆக்சிடேஸ் போட்டேன், ஊதா வரவில்லை. ஆப்டோசின் தட்டில் வட்டம் பெரிதாக வந்தது. நிமோகாக்கஸ். நல்லவேளையாக எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே தகட்டைத் திரும்பப் போடச் சொல்லியிருந்தார், இரண்டாவது தகட்டில் ஊதாவாகவே இருந்தது. முதல் தகட்டில் நான் அசிட்டோனை அதிக நேரம் விட்டிருக்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸையும் ஈ. கோலையையும் கலந்து ஒரு சிறு பூச்சு வைத்துக்கொள்கிறேன். ஓரத்தில் ஸ்டஃபைலோகாக்கஸே இளஞ்சிவப்பாகிவிட்டால் என் கை தவறியது என்று உடனே தெரிந்துவிடும். ஈ. கோலை ஊதாவாக நின்றால் நிறம் போதுமான அளவு போகவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு கேள்வி மேடம். அசிட்டோன்தான் காரணமா, அல்லது நிமோகாக்கஸுக்கே அப்படி ஒரு குணம் உண்டா? ஏனென்றால் பழைய தட்டிலிருந்து போடும்போது கவனமாக இருந்தாலும் பாதி இளஞ்சிவப்பாக வருகிறது.

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

ரேவதி, இரண்டுமே காரணம். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்தால் நிமோகாக்கஸ் வரிசையில் மூன்று கட்டங்களை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

கிராம் பாசிட்டிவ் கிருமி ஊதாவாக நிற்பது தடிமனான செல்சுவர் கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும் சேர்ந்த கூட்டை உள்ளே பிடித்து வைப்பதால். சுவர் உடைந்தால் ஊதா வெளியே போய்விடும், பிறகு சாஃப்ரனின் ஏறி இளஞ்சிவப்பாகும். நிமோகாக்கஸுக்குத் தன் சுவரைத் தானே அறுக்கும் ஒரு நொதி உண்டு, ஆட்டோலைசின். வளர்ச்சி முடிந்து வயதானதும் அது வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் நேற்றைய தட்டில் பாதி கிருமிகள் நிறம் மாறித் தெரிகின்றன. நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்திருந்தாலும் சுவர் கெட்டுப்போய் அதே மாதிரி தெரியும்.

காலனியின் நடுவில் குழி விழுவதும் அதே நொதியால்தான். நடுவில் இருப்பவை மூத்தவை, அவை முதலில் கரைந்துபோகின்றன. ஓரம் மேடாகவும் நடு பள்ளமாகவும் நிற்பதைத்தான் கேரம் காய் போன்ற காலனி என்கிறோம். பித்தநீர்க் கரைவும் அதுவே. சோடியம் டீஆக்ஸிகோலேட் 10% ஒரு துளி காலனி மேல் விட்டால் பித்த உப்பு அந்த நொதியை முடுக்கிவிடும், காலனி தட்டையாகி மறைந்துபோகும். விரிடன்ஸ் வகை அப்படியே நிற்கும்.

ஆகவே வயதான தட்டில் கிராம் மாறுவது, கேரம் காய் காலனி, பித்தநீரில் கரைவது மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று தோற்றங்கள். அட்டவணையில் இந்த மூன்று வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்து ஓரத்தில் "ஆட்டோலைசின்" என்று ஒரு சொல் எழுதி இணைத்துவிடுங்கள்.

ஆப்டோசினில் ஒரு எச்சரிக்கை. வட்டம் பெரிதாக வந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. 6 மில்லிமீட்டர் தட்டு, 5 மைக்ரோகிராம் மருந்து, 5% கார்பன் டை ஆக்சைடில் வைத்து 14 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிமோகாக்கஸ். கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் சாதாரணக் காற்றில் வைத்தால் வட்டம் பெரிதாகும், விரிடன்ஸ்கூட ஏமாற்றலாம். 14-க்குக் குறைவாக ஒரு சிறு வட்டம் மட்டும் வந்தால் பித்தநீர்க் கரைவு செய்து முடிவெடுக்க வேண்டும்.

---

முகில்_பிஎஸ்சி

நான் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு. 5 மதிப்பெண் விடையில் இந்த ஒப்பீட்டு அட்டவணையை எத்தனை பத்தி போட்டு வரைய வேண்டும்? எங்கள் கல்லூரியில் பென்சிலில் கோடு போட்டால்தான் மதிப்பெண் தருவார்கள். லிஸ்டீரியா, ஜிபிஎஸ் இரண்டுக்கும் முழு அட்டவணை போட்டால் ஒரு பக்கம் போய்விடுமே?

---

நிவேதா_இரண்டாமாண்டு

முகில், நான் கேட்டது விடையில் வரையும் அட்டவணை இல்லை, படிக்கும்போது எனக்காகப் போட்டுக்கொள்வது. ஆனால் நீங்கள் கேட்டதும் நல்ல கேள்விதான், எனக்கும் தெரியவில்லை.

---

கார்த்திக்_இறுதியாண்டு

முகில் தம்பி, "இனங்காண்க, காரணம் தருக" என்ற கேள்விக்கு அட்டவணை போடாதே. கேள்வியில் கொடுத்த ஒவ்வொரு தகவலும் எதைச் சொல்கிறது என்று வரிசையாக எழுதினால் போதும். "வேறுபடுத்துக" என்று கேட்டால் மட்டும் அட்டவணை.

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து. இனங்காணும் கேள்வியிலும் கடைசியில் இரண்டு பத்தி, மூன்று வரிசை கொண்ட ஒரு சிறு அட்டவணை, "ஏன் ஜிபிஎஸ் இல்லை" என்று போட்டால் நான் விரும்பித் திருத்துவேன். ஆனால் திருத்துபவருக்குத் திருத்துபவர் மாறும். சிலருக்கு அது இடத்தை நிரப்பியதுபோலத் தெரியும்.

---

அருள்மொழி

இழை முழுவதையும் படித்தேன். நான் எம்டி மைக்ரோபயாலஜி முதலாண்டு. நல்ல பேச்சு, ஆனால் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு.

பழைய வினாத்தாளிலிருந்து மட்டும் அட்டவணை போட்டால், இதுவரை கேட்காத கிருமி உங்கள் தாளில் இருக்கவே இருக்காது. அப்போது எது வந்தாலும் தாளில் இருக்கும் ஏதோ ஒன்றில் பொருத்திவிடத் தோன்றும். எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் போட்ட சிஎஸ்எஃப் தாளில் ஐந்து கிருமிகள், ஐந்துமே பாக்டீரியா. தேர்வில் வந்தது எச்ஐவி உள்ள ஒருவர், மூன்று வாரத் தலைவலி, கிராம் சாயத்தில் ஊதாவாக, வட்டமாக, ஒன்றிலிருந்து ஒன்று மொட்டு விட்டதுபோல. நான் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று எழுதினேன். அது கிரிப்டோகாக்கஸ். ஈஸ்ட்டும் கிராம் சாயத்தில் ஊதாவாகவே நிற்கும், பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும், மொட்டு விடும். கேள்வியில் அளவு கொடுத்திருந்தார்கள், என் அட்டவணையில் அளவு என்று ஒரு வரிசையே இல்லை.

இந்தியா இங்க் போட்டுப் பார்க்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். கறுப்புப் பின்னணியில் லிம்போசைட்டைச் சுற்றியும் ஒரு மங்கல் வளையம் தெரியலாம். உண்மையான உறையின் ஓரம் கூர்மையாக, தெளிவாக இருக்கும், உள்ளே ஈஸ்ட்டின் சுவர் பளிச்சென்று தெரியும், எங்காவது ஒரு மொட்டு இருக்கும். மொட்டு தெரியும்வரை தேடுவதே பாதுகாப்பு.

என் யோசனை, ஒவ்வொரு தாளிலும் கடைசிப் பத்தியாக "மேலே எதுவும் இல்லை என்றால்" என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த மாதிரியில் வரக்கூடிய, ஆனால் இன்னும் கேட்காத கிருமியைப் பாடநூலிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

---

கார்த்திக்_இறுதியாண்டு

அருள்மொழி அண்ணா, அப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் மறுபடி 38 வரிசை வந்துவிடும். நிவேதாவுக்கு முதலில் வந்த பிரச்சினையே அதுதானே?

---

அருள்மொழி

அந்த அபாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று எனக்கே திட்டமாகத் தெரியவில்லை. நான் இப்போது ஒரு தாளுக்கு ஐந்து பத்திகள் என்று வைத்திருக்கிறேன், ஆறாவது வந்தால் ஒன்றை வேறு தாளுக்கு மாற்றிவிடுகிறேன்.

---

நிவேதா_இரண்டாமாண்டு

மேடம், நேற்று இரவு உட்கார்ந்து பச்சிளங்குழந்தைத் தாளைப் புதிதாகப் போட்டேன். முதலில் இந்த இரண்டு பத்திகள் மட்டும். சரியா பாருங்கள்.

| கேள்வியில் வரும் சொல் | ஜிபிஎஸ் | லிஸ்டீரியா |
|---|---|---|
| 9 நாள் குழந்தை, சிஎஸ்எஃப் | ஆம் | ஆம் |
| கிராம் | பாசிட்டிவ் கோகை, சங்கிலி | பாசிட்டிவ் பேசில்லை |
| குறுகிய பீட்டா | ஆம் | ஆம் |
| கேம்ப் | பாசிட்டிவ், அம்பு முனை | பாசிட்டிவ், செவ்வகம் |
| காட்டலேஸ் | நெகட்டிவ் | பாசிட்டிவ் |
| 25 டிகிரியில் அசைவு | இல்லை | புரளும் அசைவு |
| 37 டிகிரியில் அசைவு | இல்லை | இல்லை அல்லது மிகக் குறைவு |
| ஹிப்பியூரேட் | பாசிட்டிவ் | எழுதவில்லை |

இரண்டுக்கும் "ஆம்" என்று வந்த வரிசைகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் தேர்வில் பிடித்துக்கொண்ட நான்கும் இந்த வரிசைகளில்தான் இருக்கின்றன. பிரிக்கும் இரண்டை மட்டும் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன்.

விடையையும் மறுபடி எழுதிப் பார்த்தேன்:

"கிருமி லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். பச்சிளங்குழந்தையின் மூளை உறை அழற்சி, கிராம் பாசிட்டிவ் குட்டை வடிவம், குறுகிய பீட்டா ஹீமாலிசிஸ், கேம்ப் ஆகியவை ஜிபிஎஸ்ஸுக்கும் பொருந்தும். ஆனால் காட்டலேஸ் பாசிட்டிவ் என்பதால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நீங்குகிறது. அறை வெப்பநிலையில் புரளும் அசைவு லிஸ்டீரியாவைக் காட்டுகிறது. உறுதிசெய்ய: அரைத்திட அகாரில் 25 டிகிரியில் குடை வடிவ வளர்ச்சி, எஸ்குலின் நீராற்பகுப்பு பாசிட்டிவ்."

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

விடை நன்றாக இருக்கிறது. "ஜிபிஎஸ்ஸுக்கும் பொருந்தும், ஆனால்" என்ற இடம்தான் காரணத்துக்கான மதிப்பெண்ணைத் தரும் இடம். குடை வடிவத்தை எழுதும்போது குத்திய கோட்டின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே விரிகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆக்சிஜன் குறைவாக இருப்பதை அது விரும்புகிறது, அதனால்தான் அந்த உயரத்தில் பரவுகிறது.

அட்டவணையில் இரண்டு திருத்தங்கள். கிராம் வரிசையில் லிஸ்டீரியாவுக்கு "பேசில்லை" என்று முடிவாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை கேள்வியில் "இரண்டிரண்டாக" என்று வந்தால் இந்தக் கட்டமே உங்களை மறுபடி ஜிபிஎஸ்ஸுக்குத் தள்ளும். "குட்டைப் பேசில்லை, கோகை போலவும் தெரியும்" என்று மாற்றுங்கள். அதேபோல் சிஎஸ்எஃப் தகட்டில் ஜிபிஎஸ் நீண்ட சங்கிலியாக இல்லாமல் இரண்டிரண்டாகவும் குட்டைச் சங்கிலியாகவும் இருக்கலாம். இந்த ஒரு வரிசை பிரிக்கும் வரிசை இல்லை, சந்தேகப்படும் வரிசை.

இரண்டாவது, ஹிப்பியூரேட். "எழுதவில்லை" என்பதும் காலிக் கட்டம்தான். லிஸ்டீரியாவும் ஹிப்பியூரேட்டைப் பிரிக்கும். பாசிட்டிவ் என்று எழுதிவிட்டு அந்த வரிசையையும் பிரிக்காதவற்றின் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

---

நிவேதா_இரண்டாமாண்டு

மாற்றிவிட்டேன் மேடம். ஹிப்பியூரேட்டை ஜிபிஎஸ்ஸின் அடையாளமாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஈ. கோலை பத்தியை இன்று சேர்க்கிறேன், அருள்மொழி அண்ணா சொன்ன கடைசிப் பத்தியும் வைக்கிறேன். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கான தாளில் ஹீமோஃபிலஸ் வரும்போது ரத்த அகாரில் ஸ்டஃபைலோகாக்கஸ் கோட்டுக்கு அருகில் மட்டும் வளரும் என்பதை எந்த வரிசையில் வைப்பது என்று யோசிக்கிறேன். பார்க்க கேம்ப் தட்டு மாதிரியே இருக்கிறது, ஆனால் அங்கே நடப்பது வேறு.

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

தனி வரிசையாக வையுங்கள். கேம்ப்பில் கிருமி தட்டு முழுவதும் தன் கோட்டில் வளர்ந்திருக்கும், அருகில் ஹீமாலிசிஸ்தான் கூடும். ஹீமோஃபிலஸில் வளர்ச்சியே ஸ்டஃபைலோகாக்கஸ் அருகில் மட்டும்தான், ஏனென்றால் அதற்கு வேண்டிய வி காரணி அங்கிருந்து கிடைக்கிறது. தூரத்தில் ஒன்றும் முளைக்காது.

---

டிஎம்எல்டி_ரேவதி

மேடம், கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் ஆய்வகத்தில் ஆட்டு ரத்தம் எப்போதும் கிடைப்பதில்லை. காலாவதியான மனித ரத்தப் பையிலிருந்து தட்டு போடுகிறோம். அதில் கேம்ப் போட்டால் அம்பு முனை எனக்கு ஒருமுறைகூடத் தெளிவாக வந்ததில்லை. என் கை பிழையா?

---

மைக்ரோ_டியூட்டர்_நெல்லை

உங்கள் கையைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டஃபைலோகாக்கஸின் பீட்டா லைசின் தாக்குவது சிவப்பணு உறையில் இருக்கும் ஸ்பிங்கோமைலினை. ஆட்டுச் சிவப்பணுவில் அது மிக அதிகம், மனிதச் சிவப்பணுவில் குறைவு. தொடக்கத்தில் பாதி பலவீனமாக்கும் வேலையே அங்கே சரியாக நடக்காது. பையில் இருக்கும் ரத்தத்தில் நன்கொடையாளரின் எதிர்ப்புப் புரதங்களும், சில சமயம் அவர் சாப்பிட்ட மருந்தும் இருக்கலாம். ஆட்டு ரத்தம் கிடைக்கும் நாளில் தெரிந்த ஜிபிஎஸ் ஒன்றையும் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். அது அம்பு முனை காட்டினால்தான் அன்றைய தட்டை நம்பலாம்.

---

கார்த்திக்_இறுதியாண்டு

அப்படியென்றால் செய்முறைத் தேர்வில் மனித ரத்தத் தட்டைக் கொடுத்துக் கேம்ப் கேட்டால் என்ன எழுதுவது? எங்களுக்கு அடுத்த மாதம் மறுதேர்வு எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கல்லூரியிலும் அந்தத் தட்டுதான். பார்த்ததை எழுதினால் நெகட்டிவ், கிருமி ஜிபிஎஸ் என்று தெரியும். யாராவது இப்படி எழுதியிருக்கிறீர்களா?